பழைய கணினியில் நிறுவல்: மெதுவாகப் போகிறதா, நின்றே போய்விட்டதா?

குடியாத்தத்தில் கணினி பழுது பார்ப்பது என் தொழில். பேரணாம்பட்டு, பள்ளிகொண்டா, கே.வி.குப்பம் பக்கமிருந்து வருகிறவர்கள் மேசையில் கணினியை இறக்கி வைத்ததும் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்ஸ்டால் பாதியில் நின்றுவிட்டது, சுவிட்சை அணைத்துவிட்டேன், இப்போது எதுவுமே ஒழுங்காக ஓடவில்லை." பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்டவை நிற்கவே இல்லை, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தவை. கெடுத்தது அந்தச் சுவிட்ச்தான். அதனால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதுகிறேன். எல்லாம் ஹார்ட் டிஸ்க் உள்ள, விண்டோஸ் ஓடும் பழைய கணினிகளைப் பற்றியவை.

ஒரு மணி நேரமாக 63 சதவீதத்திலேயே நிற்கிறது. இன்னும் காத்திருக்கலாமா, அணைத்துவிடலாமா?

இப்போது அணைக்காதீர்கள். ஒரு மணி நேரம் என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அந்தப் பச்சைப் பட்டையை வைத்தும் முடியாது.

பட்டை நேரத்தை அளப்பதில்லை. நிறுவும் நிரல் தன் வேலையைப் பல படிகளாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு படி முடிந்ததும் பட்டை கொஞ்சம் நகரும். குறுக்குவழி ஐகான் வைப்பதும் ஒரு படி. உதவிக் கோப்புகள் எட்டாயிரத்தைப் பிரித்து எழுதுவதும் ஒரு படியாக இருக்கலாம். முதலாவது கண் இமைக்கும் நேரத்தில் முடியும். இரண்டாவது உங்கள் கணினியில் முக்கால் மணி நேரம் பிடிக்கும். நிரலை எழுதியவர் தன்னுடைய வேகமான கணினியில் பார்த்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. அந்த நிரல் இதுவரை டிஸ்க்கில் எத்தனை பைட் எழுதியிருக்கிறது, பிராசஸரை எவ்வளவு நேரம் பயன்படுத்தியிருக்கிறது என்று விண்டோஸ் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மின்சார மீட்டர் போல அது ஏறும், இறங்காது. இப்போது ஒரு முறை, பத்து நிமிடம் கழித்து ஒரு முறை அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறியிருந்தால் வேலை நடக்கிறது.

சன்னல் வெளுத்துப்போய் தலைப்பில் Not Responding என்று வருகிறதே? அது ஹேங் ஆனதற்கு அடையாளம் இல்லையா?

அந்த இரண்டு சொற்களும் சொல்வது மிகவும் குறுகிய ஒரு செய்தி. ஒவ்வொரு சன்னலுக்கும் விண்டோஸ் தொடர்ந்து தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும்: சுட்டி நகர்ந்தது, உன்னை மறுபடி வரைந்துகொள் என்பது போல. 5 விநாடிகளுக்கு அந்தத் தகவலை எடுத்துப் படிக்காத சன்னலுக்கு விண்டோஸ் இந்தப் பெயரைச் சூட்டி, அதன் மேல் ஒரு வெளுத்த நகலைப் போட்டுவிடும்.

ஐந்தே விநாடி. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பெரிய கோப்பைப் பிரிக்கும் நிரல் ஐந்து விநாடிக்கு மேல் தலை நிமிராமல் இருப்பது சாதாரணம். கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பவர் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவில்லை என்பதால் அவர் வேலை செய்யவில்லை என்று ஆகிவிடாது. வெளுத்த சன்னலின் மேல் திரும்பத் திரும்பச் சொடுக்காதீர்கள். நீங்கள் தரும் சொடுக்குகள் வரிசையில் சேர்ந்து, நிரல் விழித்ததும் மொத்தமாகப் போய் விழக்கூடும். அதில் ஒன்று Cancel பொத்தான் மேல் விழுந்தால் இத்தனை நேரக் காத்திருப்பும் வீண்.

அந்தக் கணக்கை எங்கே பார்ப்பது?

Ctrl+Shift+Esc மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். டிஸ்க் திணறிக்கொண்டிருக்கும்போது இதுவே திறக்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கலாம். பொறுங்கள், மறுபடி அழுத்த வேண்டாம்.

அதில் Details என்ற பக்கத்துக்குப் போங்கள். தலைப்பு வரிசையில் வலது சொடுக்கு, Select columns. அங்கே CPU time, I/O read bytes, I/O write bytes மூன்றையும் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 7 என்றால் Processes பக்கத்தில் View பட்டியலுக்குள் இந்தத் தேர்வு இருக்கிறது. அதில் Show processes from all users என்ற பொத்தானையும் அழுத்த வேண்டும். இல்லையென்றால் முக்கியமான வரியே கண்ணில் படாது.

எந்த வரியைப் பார்ப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் நிறுவல் கோப்பு .msi வகை என்றால், அல்லது setup.exe உள்ளுக்குள் அந்த வகையைப் பயன்படுத்துகிறது என்றால், பட்டியலில் msiexec.exe இரண்டு மூன்று இடங்களில் இருக்கும். உங்கள் பயனர் பெயரில் இருப்பது திரையில் பட்டையைக் காட்டுவது. கோப்புகளை உண்மையில் எழுதுவது SYSTEM என்ற பெயரில் ஓடும் இன்னொன்று. முதலாவது அசையாமல் இருப்பது இயல்பு, அதற்கு வேலையே இல்லை. அதைப் பார்த்துவிட்டு நிறுவல் செத்துவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம். SYSTEM வரியைப் பாருங்கள்.

மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம். ஒன்பது இலக்க எண்ணைப் பத்து நிமிடம் யாராலும் நினைவில் வைத்திருக்க முடியாது. "கொஞ்சம் மாறினது போல இருந்தது" என்று சொல்பவர்களை நான் திருப்பி அனுப்பி எழுதிவரச் சொல்கிறேன்.

நண்பர் வீட்டுக் கணினியில் ஐந்து நிமிடத்தில் முடிந்த அதே நிறுவல் என்னிடம் மட்டும் ஏன் ஒரு மணி நேரம் எடுக்கிறது?

அவரிடம் எஸ்எஸ்டி இருந்திருக்கும். உங்களிடம் சுழலும் தட்டு இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் வேறுபாடு விளங்கும்.

மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும். விநாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. படிக்கும் முனை வேண்டிய தடத்துக்கு நகர ஏறக்குறைய 9 மில்லி விநாடி. அங்கே போன பிறகும் வேண்டிய இடம் சுழன்று அடியில் வரும்வரை சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். ஆக ஒரு இடத்தைத் தொட 13 மில்லி விநாடி. விநாடிக்கு 75 இடம், அவ்வளவுதான். 5400 சுற்று மடிக்கணினி டிஸ்க் என்றால் இது 55, 60 என்று இறங்கிவிடும்.

பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாக எழுதினால் முனை அலைய வேண்டியதில்லை. அப்போது இதே டிஸ்க் விநாடிக்கு 100 மெகாபைட்டை ஒட்டிப் போகும். ஆனால் நிறுவல் என்பது சின்னச் சின்னக் கோப்புகளின் வேலை. இருபதாயிரம் கோப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் பெயர் பதிய வேண்டும், உள்ளடக்கத்தை எழுத வேண்டும், கோப்பு முறைமையின் பதிவேட்டில் குறிக்க வேண்டும், வைரஸ் தடுப்பு அதைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு கோப்புக்கு ஆறு இடம் தொட்டால் ஒரு லட்சத்து இருபதாயிரம் தொடல். 75 ஆல் வகுத்தால் 1600 விநாடி, ஏறக்குறைய 27 நிமிடம். விண்டோஸ் சிலவற்றை நினைவகத்தில் சேர்த்து வைத்து மொத்தமாக எழுதுவதால் கொஞ்சம் குறையும். நினைவகம் 2 ஜிபி மட்டும் என்றால் அந்தச் சலுகையும் கிடைக்காது. டிஸ்க்கையே நினைவகமாகவும் பயன்படுத்த வேண்டி வந்து, இந்த 75 தொடல்களிலும் பங்கு போட ஆள் வந்துவிடும்.

எண்கள் ஏறுகின்றன, ஆனால் நத்தை போல. இவ்வளவு மெதுவாகப் போவது சரிதானா?

உள்ளூர்க் கைலிக் கடை ஒன்றில் நடந்ததை முழுதாகவே சொல்கிறேன். இதற்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

4 ஜிபி நினைவகம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கடைக்காரர் கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். முந்தைய நாள் இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு சுவிட்சை அணைத்திருக்கிறார். மூன்றாவது முறை பிற்பகல் 2.05க்குத் தொடங்கியிருக்கிறார். நான் போனபோது 3.10. பட்டை 63 சதவீதத்தில் நின்றது. "அண்ணா, இதுவும் போச்சு" என்றார்.

SYSTEM பெயரில் இருந்த msiexec.exe வரியைக் குறித்தோம். எழுதியது 41 கோடியே 23 லட்சம் பைட். CPU time 3 நிமிடம் 41 விநாடி. தேநீர் வந்தது. 3.20க்கு மறுபடி பார்த்தோம். 42 கோடியே 4 லட்சம். 3 நிமிடம் 49 விநாடி. பத்து நிமிடத்தில் 81 லட்சம் பைட், அதாவது 8 மெகாபைட். மிகமிகக் குறைவு, ஆனால் நிற்கவில்லை. இங்கேயே முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: அணைக்கக் கூடாது.

அடுத்தது, ஏன் இவ்வளவு குறைவு? டாஸ்க் மேனேஜரின் Performance பக்கத்தில் Disk-ஐச் சொடுக்கினேன். Active time 100 சதவீதம். Average response time 240 மில்லி விநாடி. மேலே போட்ட கணக்குப்படி ஒரு தொடலுக்கு 13 மில்லி விநாடிதான் ஆக வேண்டும். 240 என்றால் ஒவ்வொரு வேண்டுகோளும் தன் முறை வரும்வரை நீண்ட வரிசையில் நிற்கிறது என்று பொருள். வரிசையில் முன்னால் இருப்பவர் யார் என்று பார்க்க Windows விசையுடன் R அழுத்தி இதைத் தட்டினேன்:

```
resmon
```

அதில் Disk பக்கம், Total தலைப்பின் மேல் ஒரு சொடுக்கு. முதலிடத்தில் TiWorker.exe, விண்டோஸ் அப்டேட்டின் பாகங்களைப் பொருத்துவது. இரண்டாவது MsMpEng.exe, விண்டோஸின் வைரஸ் தடுப்பு. நம் msiexec மூன்றாவது இடத்தில் மிச்சம் மீதியை வாங்கிக்கொண்டிருந்தது.

முந்தைய நாள் சுவிட்சை அணைத்தபோது பின்னணியில் ஓடிய அப்டேட்டும் பாதியில் அறுந்திருக்கிறது. அது மறுநாள் விட்ட இடத்தைச் சரிசெய்துகொண்டு மறுபடி தொடங்கியிருக்கிறது. அவர் அணைத்ததே அடுத்த தாமதத்தை உண்டாக்கியது, அந்தத் தாமதமே மறுபடி அணைக்கத் தூண்டியது. இந்தச் சுழலை நான் எத்தனையோ கணினிகளில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது.

செய்தது இவ்வளவுதான். திறந்திருந்த பிரவுசரை மூடினோம், நினைவகம் கொஞ்சம் விடுபட்டது. செட்டிங்ஸில் அப்டேட்டை ஏழு நாளுக்கு நிறுத்திவைத்தோம், புதிதாக எதுவும் இறங்காமல் இருக்க. ஏற்கெனவே ஓடிய TiWorker-ஐத் தொடவில்லை. அதை வலுக்கட்டாயமாக முடிப்பது விண்டோஸையே அரைகுறையாக விடுவது. வைரஸ் தடுப்பையும் அணைக்கவில்லை. 3.55 அளவில் TiWorker தானாகவே பட்டியலிலிருந்து போய்விட்டது. அடுத்த பத்து நிமிடத்தில் msiexec 60 மெகாபைட் எழுதியது. 4.40க்கு நிறுவல் முடிந்தது. தொடங்கியதிலிருந்து இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். அதில் மனிதர் தலையிட வேண்டிய வேலை ஐந்து நிமிடம்கூட இல்லை.

எண்கள் எதுவுமே நகரவில்லை, டிஸ்க் விளக்கும் எரியவில்லை. இது ஹேங் தானே?

பெரும்பாலும் அது உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

நிரல் ஒரு கேள்வி கேட்டிருக்கும். அந்தப் பெட்டி வேறொரு சன்னலுக்குப் பின்னால் மறைந்திருக்கும். Alt+Tab அழுத்தி எல்லாச் சன்னல்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள். கீழே டாஸ்க்பாரில் ஏதாவது ஐகான் செம்மஞ்சளாக மின்னுகிறதா என்று பாருங்கள். அனுமதி கேட்கும் கேடயப் படம் சில வேளைகளில் அப்படி மின்னிக்கொண்டே கிடக்கும், திரைக்கு வராது. எல்லாச் சன்னல்களையும் ஒவ்வொன்றாகக் கீழிறக்கினால் அடியில் பெட்டி தென்படும். வழக்கமாக அது கேட்பது, பழைய பதிப்பு இன்னும் திறந்திருக்கிறது, மூடலாமா என்பதுதான்.

பெட்டி எதுவும் இல்லை என்றால் resmon-இல் CPU பக்கத்தில் அந்த நிரலின் மேல் வலது சொடுக்கு, Analyze Wait Chain. அது இன்னொரு நிரலுக்காகக் காத்திருந்தால் பெயரைக் காட்டும். பெயர் தெரிந்தால், அந்த இன்னொரு நிரலை முறைப்படி மூடினாலே நிறுவல் நகரத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். இவற்றில் எதுவும் இல்லாமல், மூன்று எண்களும் அரை மணி நேரம் ஒரே இடத்தில் இருந்து, டிஸ்க்கும் சும்மா இருந்தால், அப்போது அது ஹேங். நான் தயங்காமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது இந்த ஒரு நிலைக்குத்தான்.

CPU time மட்டும் ஏறுகிறது, எழுதிய பைட் ஏறவில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

நெருக்கிச் சுருட்டிய கோப்பை விரிக்கும்போது இப்படி இருக்கும். பிராசஸர் கடுமையாக உழைக்கும், இடையிடையே மட்டும் ஒரு கட்டாக எழுதும். பழைய பிராசஸரில் இரண்டு கட்டுகளுக்கு நடுவில் பல நிமிடங்கள் போகலாம். அதனால் இந்த நிலைக்குப் பத்து நிமிட இடைவெளி போதாது. அரை மணி நேரம் கொடுங்கள். அப்போதும் ஒரு பைட்கூட எழுதாமலும் படிக்காமலும் ஒரு கோர் முழுதையும் தின்றுகொண்டிருந்தால், அது ஏதோ வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது என்று நம்பலாம்.

நம் ஊர்ச் சித்திரை, வைகாசி வெயிலில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். விசிறியில் தூசு அடைத்த கணினியில் பிராசஸர் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் இருபது நிமிடத்தில் முடிகிற வேலை பிற்பகலில் ஒரு மணி நேரம் இழுக்கும். இழுத்தாலும் எண்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது, உள்ளே ஒரே சீராக "டிக்… டிக்…" என்று சத்தம் கேட்கிறது. வேலை நடப்பதாகத்தானே பொருள்?

இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். வேலை செய்யும் டிஸ்க்கின் சத்தம் ஒழுங்கற்றது. மண் கிண்டுவது போலக் கரகரவென்று கூடியும் குறைந்தும் வரும். கடிகாரம் போல ஒரே இடைவெளியில் வரும் டிக் என்பது முனை ஒரே இடத்தைப் படிக்க முயன்று தோற்று, பின்வாங்கி, மறுபடி முயல்வது.

Performance பக்கத்தில் இதன் முகம் தெளிவாகத் தெரியும். Active time 100 சதவீதம், ஆனால் படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் பூஜ்யம் அல்லது அதை ஒட்டி. Average response time ஆயிரக்கணக்கான மில்லி விநாடி. கைலிக் கடையில் பார்த்த 240 என்பது நெரிசல்; அங்கே வேகம் குறைந்திருந்தது, இல்லாமல் போகவில்லை. 4000, 8000 என்று காட்டிக்கொண்டு வேகம் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் படிக்க முடியாமல் தவிக்கிறது.

உறுதி செய்ய Windows விசை + R:

```
eventvwr.msc
```

Windows Logs என்பதற்குள் System. அங்கே Source என்ற இடத்தில் disk என்றும், Event ID 7 என்றும் இருந்தால் அதன் வாசகம் bad block என்று சொல்லும்: டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் இருக்கிறது. 153 என்றால் ஒரு வேண்டுகோளைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. Source-இல் storahci போன்ற வேறு பெயரோடு 129 இருந்தால், பதில் வராததால் சாதனத்தையே மீட்டமைக்க வேண்டியிருந்தது. கடைசி இரண்டும் கேபிள் தளர்ந்திருந்தாலும் வரும். மேசைக் கணினி என்றால் கேபிளைக் கழற்றி அழுத்திப் போட்டுப் பாருங்கள். 7 வந்தால் கேபிளைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்த நிலையில் நிறுவல் முடியுமா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். நிறுவலை ரத்து செய்துவிட்டு, கணக்குக் கோப்புகள், படங்கள், பில்கள் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். `chkdsk /r` போடலாமா என்று உடனே கேட்பார்கள். நகல் எடுக்கும் முன் போடாதீர்கள். அது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படித்துப் பார்க்கும். கடைசி மூச்சில் இருக்கும் டிஸ்க் அந்த உழைப்பிலேயே நின்றுபோகலாம். அப்படி நின்றுபோய் ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள் முழுவதும் போனதை நேரில் பார்த்தவன் நான்.

விண்டோஸையே புதிதாகப் போடுகிறேன். அங்கே டாஸ்க் மேனேஜர் இல்லையே?

USB-இலிருந்து தொடங்கும் முதல் கட்டத்தில், சதவீதம் ஓடும் திரையிலேயே Shift+F10 அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் Fn விசையையும் சேர்க்க வேண்டும். கறுப்புத் திரை திறக்கும். நிறுவல் தன் நாட்குறிப்பை setupact.log என்ற கோப்பில் நேரத்தோடு எழுதிக்கொண்டே போகிறது. அதைத் திறந்து பார்க்கலாம்:

```
notepad "C:\$WINDOWS.~BT\Sources\Panther\setupact.log"
```

அங்கே இல்லையென்றால் C-க்குப் பதில் D போட்டுப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். Ctrl+End அழுத்தி கடைசி வரியின் நேரத்தைக் குறித்துக்கொண்டு நோட்பேடை மூடுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி திறந்து பாருங்கள். கடைசி வரி மாறியிருந்தால் நடக்கிறது.

கோப்பின் அளவை மட்டும் பட்டியலில் பார்த்து ஏமாறாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் நிரல் கோப்பைத் திறந்தே வைத்திருந்தால், பட்டியலில் காட்டும் அளவு பழையதாகவே நிற்கும்; மூடும்போதுதான் திருத்தப்படும். உள்ளே வரிகள் கூடிக்கொண்டே இருக்க, வெளியே அளவு அசையாது. திறந்து படிப்பதே நம்பகமானது.

மெதுவாக நடக்கும்போது மின்சாரம் போய்விட்டால்?

மூன்று மணி நேரம் ஓடக்கூடிய வேலையைத் தொடங்கும் முன் அடுத்த நாள் மின்தடை அறிவிப்பை நாளிதழில் பார்த்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று உங்கள் துணைமின் நிலையத்தின் பெயர் இருந்தால் அந்தப் பகல் வேண்டாம். யுபிஎஸ் இருப்பது சில நிமிடத் தடையைத் தாண்டுவதற்கு. யுபிஎஸ் பீப் அடிக்கத் தொடங்கியதும் Cancel கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் பின்வாங்குவதற்கும் டிஸ்க் வேலை தேவை. மடிக்கணினியில் பேட்டரி நன்றாக இருந்தால் கவலை குறைவு. பேட்டரி செத்த மடிக்கணினியை மேசைக் கணினியாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்துவிட்டேன், நிஜமாகவே ஹேங் தான். எப்படி நிறுத்துவது?

முதலில் நிறுவல் சன்னலில் உள்ள Cancel. அது வேலை செய்தால் பட்டை பின்னோக்கி வரும், Rolling back என்று எழுத்து வரும். இதுவும் டிஸ்க் வேலைதான். முன்னே போக ஒரு மணி நேரம் எடுத்தது, பின்னே வர அரை மணி நேரம் எடுக்கலாம். இதிலும் அதே இரண்டு அளவுகளை எடுத்துப் பாருங்கள். பின்வாங்கும்போது சுவிட்சை அணைப்பதுதான் எல்லாவற்றிலும் கெடுதலானது. பழைய பதிப்பு எடுக்கப்பட்டிருக்கும், திரும்ப வைக்கப்பட்டிருக்காது.

Cancel அரை மணி நேரமாகியும் எதையும் அசைக்கவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் setup.exe அல்லது உங்கள் பெயரில் உள்ள msiexec.exe மேல் End task. பிறகு தொடக்கப் பட்டியல் வழியாக முறைப்படி ரீஸ்டார்ட். பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பது திரை, சுட்டி, விசைப்பலகை எல்லாம் செத்த பிறகு மட்டும். Caps Lock அழுத்தினால் விசைப்பலகையின் சிறு விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் விண்டோஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது, சில நிமிடம் கழித்து Ctrl+Alt+Del-க்கு வழி கொடுக்கும்.

மறுபடி தொடங்கிய பிறகு, அதே நிறுவலை ஓட்டும்போது முந்தைய நிறுவல் currently suspended என்றும், அது செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறலாமா என்றும் கேட்டால் Yes கொடுங்கள். C டிரைவில் Config.Msi என்று மறைந்திருக்கும் கோப்புறையை, இடம் அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். திரும்பப் பெறுவதற்கான பழைய கோப்புகள் அதற்குள்தான் இருக்கின்றன.

இரண்டாவது முறையும் அதே இடத்தில் நின்றால், மூன்றாவது முறை பதிவேட்டோடு ஓட்டுங்கள்:

```
msiexec /i "D:\setup.msi" /l*v! "C:\niruval.txt"
```

D:\setup.msi என்ற இடத்தில் உங்கள் .msi கோப்பின் பெயரைப் போட்டு, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் இதைத் தட்டுங்கள். /l*v! என்பதன் கடைசியில் உள்ள ஆச்சரியக் குறியை விடாதீர்கள். அது இல்லாவிட்டால் வரிகள் கொத்தாகச் சேர்ந்த பிறகே கோப்பில் விழும். நின்ற இடத்துக்குச் சற்று முன்னாலேயே பதிவு முடிந்துவிடும். அது இருந்தால் ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் டிஸ்க்குக்குப் போகும், அதனால் நிறுவல் இன்னும் மெதுவாகும். நின்றதும் niruval.txt-ஐத் திறந்து கடைசி இருபது வரிகளைப் பாருங்கள். எந்தக் கோப்பை எழுதும்போது, எந்தச் சேவையைத் தொடங்கும்போது நின்றது என்று அதில் இருக்கும். என்னிடம் கணினியைக் கொண்டுவருவதாக இருந்தால் அந்தக் கோப்பையும், நீங்கள் எண்களைக் குறித்த தாளையும் சேர்த்தே கொண்டுவாருங்கள்.